திறந்து என்ற சொல்லுக்குப் பிறகு

அலுவலகத்தில் அவளை முற்றக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தொழிற்சாலை விபத்துகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்தில் அவள் மொழிபெயர்ப்பாளர். தமிழ் வாக்குமூலங்களை விசாரணை மொழிக்கு மாற்றித் தர வேண்டும். வாக்குமூலத் தமிழ் இருக்கிறதே, அது ஒரு தனி ரகம். ஒருவர் காலையில் எழுந்து, சைக்கிளை எடுத்து, வழியில் லாரி வந்து, பிரேக் பிடிக்காமல் மோதி, ஆட்கள் ஓடி வந்து என்று ஒரே வாக்கியம் பக்கம் முழுக்க ஓடி, கடைசியில் வினைமுற்று இல்லாமலேயே மூச்சுவாங்கி நிற்கும். பிடிக்காதது யார், மோதியது யார், வந்தது யார் என்று ஒவ்வொரு எச்சத்துக்கும் எழுவாயைத் தேடிப் பிடித்துக் கட்ட வேண்டும். "முற்று எங்க? முற்றக் காட்டு" என்று தட்டச்சரை அவள் பிடுங்கி எடுத்ததில் வந்த பெயர் அது.

அந்த வாரம் வந்தது ஒரு சாயப்பட்டறை விபத்து. கொதிகலன் பார்த்துக்கொண்டிருந்த ஆபரேட்டர் ஆவி பட்டு வெந்து, மருத்துவமனையில் வாக்குமூலம் கொடுத்துவிட்டு இறந்துபோயிருந்தார். ஆவிக் குழாய் குளிர்ந்து கிடந்தால் உள்ளே தண்ணீர் தேங்கும். அதை வடிக்காமல் வால்வை வேகமாகத் திறந்தால், ஆவி அந்தத் தண்ணீரைச் சம்மட்டி மாதிரி அடித்துக்கொண்டு போய்க் குழாயின் இணைப்பையே பிளந்துவிடும். அப்படித்தான் பிளந்திருந்தது. திறந்த கை யாருடையது என்பதுதான் வழக்கு.

வாக்குமூலத்தில் விடை தெளிவாகவே இருந்தது. 'நான் தண்ணீரை வடித்துக்கொண்டிருக்க, மேஸ்திரி வந்து சத்தம் போட, கையைத் தட்டிவிட்டு வால்வைத் திறந்துவிட்டேன்.'

படித்ததும் அவளுக்கு எதுவோ உறுத்தியது. இலக்கணத்தில் ஒரு குறையும் இல்லை. 'இருக்க' என்றதும் எழுவாய் மேஸ்திரிக்குப் போகிறது. 'போட' என்றதும் திரும்ப ஆபரேட்டரிடமே வருகிறது. 'திறந்துவிட்டேன்' என்று முடிகிறது. ஆனால் அதே தாளில் மற்ற வாக்கியங்களெல்லாம் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. உடம்பெல்லாம் வெந்து கிடந்தவர் இந்த ஒன்றை மட்டும் இவ்வளவு அழகாக முடித்தாரா?

தட்டச்சரைக் கூப்பிட்டாள். "தம்பி, இத அவர் இப்படியேவா சொன்னாரு?"

"ஒலிப்பதிவக் கேட்டுத்தான்க்கா அடிச்சேன்."

"போடன்னா சொன்னாரு?"

அவன் தலையைச் சொறிந்தான். "வாக்கியம் முடியவே இல்லக்கா. முற்று இல்லாம குடுத்தா நீங்கதான திட்டுவீங்க? நான்னு ஆரம்பிச்சிருந்தாரு, அதான் 'திறந்துவிட்டேன்'னு முடிச்சேன். அப்புறம் படிச்சுப் பாத்தா 'போட்டு' ஒட்டல. 'போட'ன்னு திருத்துனேன். இலக்கணம் சரிதானக்கா?"

இலக்கணம் சரிதான். அதனால்தான் செத்த மனிதன் தன் சாவுக்குத் தானே காரணம் என்று ஒப்புக்கொண்டவனாகிவிட்டான்.

காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஒலிப்பதிவைக் கேட்டாள். ஏதோ இயந்திரம் சீராக இரைந்துகொண்டிருந்தது. அதற்கு அடியிலிருந்து, ஈரத்துணியைப் பிழிவது போல ஒரு குரல். "நான் தண்ணிய வடிச்சுக்கிட்டு இருக்க... மேஸ்திரி வந்து... சத்தம் போட்டு... கையத் தட்டிவிட்டு... வால்வத் திறந்து..."

அவ்வளவுதான். பிறகு வெறும் இரைச்சல். அந்த இரைச்சலுக்குள் அவர் அடுத்த சொல்லுக்காக வாயைத் திறந்து வைத்திருப்பது போலவே இருந்தது.

போட்டு. சொல்லின் முடிவுதான் வித்தியாசம். 'போட்டு' என்றால் எழுவாய் மாறவில்லை. வந்தவனே சத்தம் போட்டு, அவனே தட்டிவிட்டு, அவனே திறந்து. அவளுடைய கணக்கு அப்படித்தான் சொன்னது. ஆனால் பேச்சில் மனிதர்கள் கணக்குப் பார்த்தா பேசுகிறார்கள்? மழை பெய்து சுவர் விழுந்தது என்று எழுவாயை வழியில் மாற்றிக்கொண்டு போகிறவர்கள்தானே எல்லோரும். திறந்தேன் என்றோ திறந்தார் என்றோ அந்த ஒரு சொல் வந்திருந்தால் ஆள் தெரிந்திருக்கும். எச்சத்துக்கு முகம் கிடையாது.

அன்றிலிருந்து அந்தக் குரல் அவளை விடவில்லை. பேருந்தில் யாராவது "வந்து..." என்று இழுத்தால் திரும்பி அவர் வாயையே பார்த்தாள். வீட்டில் கணவர், "சட்டைய நனைச்சு வச்சு..." என்று சொல்லிக்கொண்டே குளியலறைக்குள் போய்விட்டார். இவள் அடுப்பங்கரையில் கரண்டியும் கையுமாக அப்படியே நின்றாள்.

"நனைச்சு வச்சு என்ன? முடிங்க!"

"என்னடி இது, பேய் பிடிச்சவ மாதிரி கத்துற?" என்று அவர் எட்டிப் பார்த்தார். பாத்திரம் தேய்க்கும்போது, குழாயிலிருந்து தண்ணீர் விழும் சத்தத்துக்குப் பின்னால் யாரோ வாயைத் திறந்தபடி காத்திருப்பதாகத் தோன்றி, குழாயை மூடினாள். மூடிய பிறகும் தோன்றியது.

விசாரணை அன்று முற்பகல் அறை நிறைந்திருந்தது. மேஸ்திரி ஏற்கெனவே சாட்சி சொல்லியிருந்தார், தான் சத்தம் மட்டும்தான் போட்டதாக. ஆபரேட்டரின் மனைவி பின்வரிசையில் பையை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விசாரணை அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. தட்டச்சுப் பிரதி மூலத்துக்கு ஒத்துவரவில்லை என்று முற்றக்கா எழுந்து சொன்னாள். கடைசி வினைமுற்று தட்டச்சர் சேர்த்தது, அதற்கு முன்னால் ஒரு சொல்லும் மாறியிருக்கிறது, ஒலிப்பதிவைப் போட வேண்டும். நிறுவன வக்கீல் குதித்தார். அதிகாரி போடச் சொன்னார்.

குரல் அறைக்குள் வந்தது. மனைவியின் தலை குனிந்தது. "மேஸ்திரி வந்து... சத்தம் போட்டு... கையத் தட்டிவிட்டு... வால்வத் திறந்து..."

இரைச்சல். தமிழ் தெரிந்த அத்தனை பேரும் அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தார்கள். தமிழ் தெரியாத அதிகாரிகூடப் பேனாவைத் தூக்கியபடியே இருந்தார்.

"திறந்தேன்."

குரல் ஒலிபெருக்கியிலிருந்து வந்ததாகத்தான் முற்றக்காவுக்கு முதலில் பட்டது. பிறகுதான் பார்த்தாள். மேஸ்திரி கண்களை மூடி, நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்கய்யா அத. நான்தான் திறந்தேன். லைன் நிக்குதுன்னு மேல இருந்து திட்டு. அவன் வேணாம் வேணாம்னு சொன்னான். நான்தான்..." முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டு அழுதார்.

என்ன சொல்கிறார் என்று அதிகாரி முற்றக்காவைக் கேட்டார். விசாரணை மொழியில் ஆளை முதலில் சொல்லியாக வேண்டும். 'நான்' என்று ஆரம்பிக்க அவளுக்கு நாக்கு எழவில்லை. தானே அந்த வால்வைத் தொட்டது போலிருந்தது. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னாள்.

மாலையில் வாசலில் ஆபரேட்டரின் மனைவி அவளுக்காகக் காத்திருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். அவரு திறந்துன்னு நிறுத்தினாருல்ல. அதுக்கு மேல என்ன சொல்ல வந்திருப்பாரு?"

"மேஸ்திரிதான் ஒத்துக்கிட்டாரேம்மா."

"அது மேஸ்திரி சொன்னது. இவரு திறந்தாருன்னு சொல்ல வந்தாரா, இல்ல திறந்து, நான் ஓடி வந்து, உன்ன நெனச்சுன்னு போயிருப்பாரா? வீட்ல அப்படித்தான் பேசுவாரு. சோத்துக்கு உக்காந்தா எழுந்திருக்கிற வரைக்கும் ஒரே பேச்சுதான், முடிக்கவே மாட்டாரு."

ஏதாவது ஒரு முற்றை எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று முற்றக்காவுக்கு ஒரு கணம் தோன்றியது. அந்த முகம் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு போயிருக்கும்.

"எனக்குத் தெரியலம்மா" என்றாள்.

அந்தப் பெண் தலையாட்டிவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிறுத்தத்தை நோக்கி நடந்தாள். முற்றக்கா மாடியேறிப் போய்த் தட்டச்சுப் பிரதியில் 'திறந்துவிட்டேன்' என்பதில் 'விட்டேன்' மட்டும் கோடு போட்டு நீக்கினாள். 'போட' இருந்த இடத்தில் 'போட்டு' என்று எழுதினாள். 'திறந்து' என்பதற்குப் பக்கத்தில், வாக்கியம் இங்கே நிற்கிறது, பேசியவர் இதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை என்று குறித்துக் கையெழுத்துப் போட்டாள். பிறகு விளக்கை அணைக்க எழுந்தவள், அறை ஓசையற்று இருந்ததால், கொஞ்ச நேரம் காதைத் தீட்டிக்கொண்டு அங்கேயே நின்றாள்.