அண்ணனுக்கு ஒன்று, வங்கிக்கு ஒன்று

மோட்டார் எரிந்துபோய்விட்டது. பூவும் பிஞ்சுமாக நின்ற மிளகாய்ச் செடி கண்ணெதிரே வாடிக்கொண்டிருந்தது. புது மோட்டாருக்கு வங்கிக் கடன் வேண்டும், அதற்கு மூன்று வருட வரவு செலவைக் காட்ட வேண்டும். அங்கேதான் என் வீட்டுக்காரர் மாட்டிக்கொண்டார்.

நிலம் அவருக்கும் அவர் அண்ணனுக்கும் பொது. அண்ணன் வெளியூரில் வேலை பார்க்கிறார். பாடுபடுவது நாங்கள், லாபத்தில் பாதி அவருக்கு. இந்த மகானுபாவர் என்ன செய்வார் தெரியுமா? கமிஷன் கடைக்காரரைத் தாஜா பண்ணி, விற்றதில் பாதி மூட்டைக்கு மட்டும் தனி ரசீது வாங்கி அண்ணனுக்கு அனுப்புவார். கூடவே போனில், பூச்சி விழுந்துவிட்டது என்று ஒரு அழுகை. விதை, உரம், கூலி, டிராக்டர் வாடகை, முழு ரசீது என்று நிஜக் கணக்கை எழுதி வைத்தது நான்தான். இந்தத் திருட்டு வேலை வேண்டாம் என்று தொண்டை கிழியக் கத்தியதும் நான்தான். கேட்டால்தானே!

பழக்க தோஷம், முதலில் அண்ணனுக்குக் காட்டும் கணக்கையே வங்கிக்குத் தூக்கிக்கொண்டு போனார். இந்த வருமானத்தில் தவணை எப்படிக் கட்டுவீர்கள் என்று கேட்டு அதிகாரியம்மா திருப்பி அனுப்பிவிட்டார். பிறகு இவர் என் கணக்கைக் கேட்டு வாங்கினார். அதிலும் சும்மா இருந்தாரா? சொட்டுநீர்க் குழாய்க்கு வந்த மானியத்தையும் வருமானத்தில் சேர்த்துவிட்டார். அது நேராகக் குழாய்க் கம்பெனிக்குப் போன பணம், குழாய் விலையில் கழிக்க வேண்டியது, வருமானமில்லை என்று அதிகாரியம்மா அடித்துவிட்டார். மற்ற ரசீதெல்லாம் பாஸ்புக்கில் விழுந்த பணத்தோடு சரியாக ஒத்துப்போனது. கடன் தரலாம், ஆனால் கூட்டு நிலம், அண்ணன் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார்.

அண்ணன் வந்தார். நீட்டிய இடத்தில் போட்டுவிட்டுப் போவார் என்று இவர் நினைத்திருந்தார். அவரோ கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கணக்கு முழுவதையும் சாவகாசமாகப் படித்தார்.

"தம்பி, போன வருஷம் நஷ்டம்னு சொன்னே. இதுல இவ்வளவு லாபம் போட்டிருக்கு?"

எதிரே அதிகாரி உட்கார்ந்திருப்பது இவருக்கு மறந்தே போய்விட்டது.

"அது சும்மா அண்ணே. கடனுக்காக எழுதினது."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அதிகாரியம்மா பேனாவை மூடினார்.

"பொய்க் கணக்குக்கு நான் கடன் குடுக்க முடியாதுங்க."

பதறிப்போய் இவர் அந்தப் பக்கம் திரும்பினார். "ஐயோ மேடம், அத்தனையும் நிஜம். பாஸ்புக்கைப் பாருங்க."

"அப்போ மூணு வருஷமா என் பங்கு எங்கடா?" என்றார் அண்ணன்.

பங்கு கைக்கு வந்தால் கையெழுத்து என்று சொல்லிவிட்டு அண்ணன் எழுந்து போய்விட்டார். அந்தப் பணத்தை இவர் எப்போதோ தின்று தீர்த்தாயிற்று. கடன் கேட்க வந்த மனிதர், கடன் கிடைக்காமலே கடனாளியாகி வெளியே வந்தார்.