கேட்காத லீவு

ராஜினாமாக் கடுதாசி கொடுத்த மறுநாளே முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். முத்துக்குமாரசாமி யோசித்துக்கொண்டே போனான். ஏசினால் வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். மனுசன் தன்மையாகப் பேசினால் என்ன செய்ய?

அவன் தென்காசி அய்யாத்துரை மோட்டார் சர்வீஸில் ஹெட் கிளார்க். குற்றாலத்துக்குப் போகிற பஸ்ஸெல்லாம் அவன் போட்ட நேரத்துக்குத்தான் கிளம்பும். விருதுநகரில் ஒரு எண்ணெய் மில்லில் வேறு வேலை கிடைத்திருந்தது. மாசிக் கடைசியில் விலகிக்கொள்வதாக எழுதிக் கொடுத்திருந்தான்.

"உக்காரும்வே" என்றார் அய்யாத்துரை. "விருதுநகர்க்காரன் என்னய்யா தாரான்? அதுக்கு மேல நாப்பது ரூவா நான் தாரேன். மேனேஜர்னு போர்டு எழுதிருவோம். ஸ்டாண்டுக்குப் பின்னால வீடு சும்மாத்தான கெடக்கு, வாடகை வேண்டாம், குடி வாரும்."

அதையெல்லாம் டைப் அடித்து, கையெழுத்தும் போட்டு வைத்திருந்தார். கடைசியாக ஒன்று இருந்தது: சாரல் சீசனிலும் அவசரத்துக்கு யாருக்கும் லீவு உண்டு.

முத்துக்குமாரசாமி அந்த வரியிலேயே நின்றுவிட்டான். சீசனில் லீவு கிடையாது என்ற சட்டம் முதலாளி போட்டதல்ல, அவன் போட்டது. சாரல் விழுந்துவிட்டால் ஊரே அருவிக்கு ஓடும், பஸ்ஸில் கால் வைக்க இடமிருக்காது. அப்போது ஒரு டிரைவர் படுத்துக்கொண்டால் கூட்டம் ஸ்டாண்டிலேயே நாறும். அதனால் அவனே பலகையில் எழுதித் தன் நாற்காலிக்கு மேல் மாட்டினான். அதில் அவனுக்கு ஒரு கெத்து வேறு!

போன ஆடியில் டிரைவர் பிச்சுமணி, அம்மாவுக்கு ஆப்பரேசன் என்று வந்து நின்றான். "பலகையைப் பாத்தியாலே?" என்று திருப்பி அனுப்பினான் முத்துக்குமாரசாமி. மறுநாள் வடகரையிலிருந்து கண்டக்டர் மூலமாகச் சேதி வந்தது. மாமனார் வீட்டில் இருந்த முத்துக்குமாரசாமியின் மகள் ஆவுடைக்குக் காய்ச்சல், தொண்டை அடைக்குது, உடனே வரணும். நேற்றுத்தான் ஒருத்தனை விரட்டிவிட்டு இன்றைக்குத் தான் போய் லீவு கேட்பதா? பிச்சுமணி சிரிக்க மாட்டானா? ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லி அனுப்பினான். புருசன் வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவான் என்று பெண்டாட்டி குழல்வாய்மொழி வாசலைப் பார்த்தபடி இருந்தாள். பிள்ளை சனிக்கிழமையே போய்விட்டது.

"ஏன் வரல?" என்று அவள் பிள்ளையின் தலைமாட்டில் கிடந்து கத்தியபோது, அவன் வாயில் வந்தது ஒரே பொய்தான்: "முதலாளி லீவு தரல."

பதினாறு கழிந்ததும் அவள் தென்காசிக்கு வந்தாள். நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போய், அத்தனை சனம் பார்க்க, அய்யாத்துரை காருக்கு முன்னால் மண்ணை வாரித் தூற்றினாள். "என் வயிறு எரியுத மாதிரி உன் வயிறும் எரியணும்" என்றாள். முத்துக்குமாரசாமி அவளை இழுத்துக்கொண்டு வந்தானே தவிர, வாயைத் திறக்கவில்லை.

முதலாளி இப்போது அதையும் சொன்னார். "அன்னைக்கு உம்ம வீட்டுக்காரி என்னை ஏன் ஏசுதான்னே தெரியல. பெத்த வயிறு, யாரையாவது ஏசத்தான செய்யும்னு விட்டுட்டேன். ஆனா ஒண்ணு கேக்கேன்வே. நீரு ஒரு வார்த்த சொல்லியிருந்தேர்னா நானே காரை எடுத்துட்டு வடகரைக்கு வந்திருப்பேனே. ஏன் கேக்கல?"

முத்துக்குமாரசாமி டைப் அடித்த தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

"சரி விடும். வாயால வேண்டாம்னு சொன்னா நான் மல்லுக்கு நிப்பேன். சம்மதமோ இல்லையோ, எழுதிக் குடும்."

சம்மதிக்க எப்படி முடியும்? அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் பிடரிக்குப் பின்னால் பலகை இருக்கிறது. கழற்றிப் போட்டாலும் அந்தச் சுவர் இருக்கிறதே.

மாலையில் சிநேகிதன் யாக்கூப்பிடம் போனான். யாக்கூப் கோர்ட்டு வாசலில் டைப் அடிக்கிறவன், ஊரில் பாதிப் பேருடைய கடுதாசி அவன் கைபட்டதுதான். முத்துக்குமாரசாமி எழுதிவந்த மூன்று பக்கத்தையும் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான்.

"என்னவே இது, ஒப்பாரியா? 'யோசித்துப் பார்த்ததில்'னு எழுதியிருக்கேரு. இன்னும் யோசியும்னு ஒரு வாரம் தருவாரு. 'சம்பளம் ஒரு பொருட்டல்ல'ன்னா வேற என்ன வேணும்பாரு. காரணம்னு ஒண்ண எழுதினா, அதுக்கும் ஒரு வழி பண்ணிட்டு வந்து நிப்பாரு. இம்புட்டு மதிச்சதுக்கு நன்றின்னு சொல்லும். ஏத்துக்கிட இயலலை, முடிவு மாறாதுன்னு சொல்லும். கடைசி நாள் இன்னது, அதுக்குள்ள அடுத்த ஆளுக்கு வேலையைச் சொல்லிக் கொடுத்துட்டுப் போறேன்னு சொல்லும். அம்புட்டுத்தான். புது எடத்துல காட்ட அவரு சர்டிபிகேட்டு வேணும்லா? பகையில்லாம வெளிய வாரும்."

அப்படியே அடித்தும் கொடுத்தான். அரைப் பக்கம்கூட இல்லை.

வீட்டுக்கு வந்ததும் குழல்வாய்மொழி அதை வாங்கி வாசித்தாள். எட்டாம் வகுப்பு படித்தவள். முதல் வரியிலேயே முகம் சிவந்துவிட்டது.

"நன்றியா? புள்ளய முழுங்கின பாவிக்கு நன்றியா சொல்லுதீய?"

"இப்படித்தான் எழுதணும் மொழி. மரியாதைக்கு..."

"மண்ணாங்கட்டி மரியாதை! உம்மாலதான் எம் புள்ள செத்தா, நீரு லீவு தரல, அதனாலதான் போறேன்னு எழுதுங்க. அந்த ஒரு வரி இல்லாம இந்தக் கடுதாசி இந்த வீட்டை விட்டுப் போகாது."

பேனாவைக் கொண்டுவந்து கையில் திணித்தாள். அவன் மூடியைக் கழற்றினான். எழுதிவிட்டால் இவள் தன்னோடு இருப்பாள். ஆனால் அந்த நல்ல மனுசன் செய்யாத பாவத்தைச் சாகும்வரை சுமப்பார். எழுதாவிட்டால் ஏன் எழுதவில்லை என்று சொல்ல வேண்டும். பேனா காகிதத்தைத் தொட்டது, ஒரு மசிப்பொட்டு விழுந்தது.

"எழுதுங்கன்னேன்லா?"

"அவரு தரமாட்டேன்னு சொல்லல, மொழி."

"என்னது?"

"நான் கேக்கவே இல்ல."

எல்லாவற்றையும் சொன்னான். பிச்சுமணியைச் சொன்னான், பலகையைச் சொன்னான், சிரிப்பார்களே என்று பயந்ததைச் சொன்னான். அழுதுகொண்டே சொன்னான். அவள் அழவில்லை. அவன் கையிலிருந்த பேனாவை வாங்கி மூடினாள்.

காலையில் அவளும் கூடவே ஆபீசுக்கு வந்தாள். கடுதாசியை அவளே முதலாளி மேஜையில் வைத்தாள். அய்யாத்துரை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "காரணம் ஒண்ணும் இல்லையேம்மா. எம்மேல வருத்தமா?"

"உங்க மேல இல்ல முதலாளி. அன்னைக்குத் தூத்தின மண்ணு உங்களுக்கு இல்ல. எடம் தெரியாமத் தூத்திட்டேன், மன்னிச்சிருங்க."

காலில் விழப்போனவளை அவர் பதறித் தடுத்தார். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. சர்டிபிகேட் எழுதச் சொன்னார்.

வெளியே வடகரை பஸ் கிளம்ப நின்றது. குழல்வாய்மொழி அதை நோக்கி நடந்தாள். முத்துக்குமாரசாமி பின்னாலேயே ஓடினான்.

"மொழி, விருதுநகர்ல வீடு பாத்திருக்கேன். புது ஊரு. உங்க அம்மாவையும் கூட்டிக்கிடுவோம். நீ என்ன சொன்னாலும் கேக்கேன்."

"நான் வரல."

"ரெண்டு நாள் இருந்துட்டு வா. நான் வந்து கூப்பிடுதேன்."

"வராதீய."

பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். விசில் அடித்ததும்தான் அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"எம் புள்ளைக்காக ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?" என்றாள்.