உறை பிரிக்காத மெத்தை

நான்காவது முறையும் நடிகையின் இமை துடித்தது.

விளம்பரக் காட்சி இவ்வளவுதான். மனைவி தூங்குகிறாள். வேலை முடிந்து தாமதமாக வரும் கணவன் கட்டிலின் மறுபக்கத்தில் உட்கார்ந்து, சாய்கிறான். அவள் விழிக்கவில்லை. பன்னிரண்டு விநாடி, இசையும் கிடையாது, பேச்சும் கிடையாது. கடைசியில் மெத்தையின் பெயர். ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடி, பட்டப்பகலை இரவாக்கியிருந்தார்கள்.

அந்த மௌனத்தை எழுதியவள் அறையின் மூலையில் இருந்தாள். வேலைக்குச் சேர்ந்த எட்டு மாதங்களில் அவள் எழுதிய எதுவும் முழுசாகப் படமானதில்லை. எல்லாவற்றின் மேலும் யாராவது ஒரு குரலை ஏற்றிவிடுவார்கள். இதற்கும் அதே கதிதான் போலிருந்தது.

"தூங்கற மாதிரியா இருக்கு? பல் டாக்டர்கிட்ட போன மாதிரி இருக்கு" என்றார் மெத்தைக் கம்பெனியின் விற்பனை மேலாளர். நுரையின் அடர்த்தி, ஸ்பிரிங் எண்ணிக்கை, ஏழு அடுக்கு என்று ஒரு தாள் நிறைய எழுதி வைத்திருந்தார். "பேசாம இதை மேல படிச்சு விட்டுடலாம்மா."

இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் ஒரே தடவை. சரியா வரலைன்னா சார் சொல்றதுதான்."

எழுதியவள் மூலையிலிருந்து எழுந்து கட்டிலருகே போனாள். "என்ன ஆச்சும்மா?"

"நான் என்னக்கா பண்றது? அவர் உட்கார்ந்தாலே காதுக்குள்ள சரசரங்குது. சிப்ஸ் பாக்கெட் மேல படுத்த மாதிரி."

விரிப்பின் முனையைத் தூக்கினாள். மெத்தை பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே இருந்தது.

"சார், இதைப் பிரிக்கவே இல்லையே."

"எப்படிப் பிரிக்கறது? நாளைக்கு ஷோரூமுக்குத் திரும்பப் போகணும். பிரிச்சதை எவன் தொடுவான்?"

வேறொரு நாளாக இருந்தால் வாதாடியிருப்பாள். இன்று வாயைத் திறக்கவே அலுப்பாக இருந்தது. "படுத்துப் பாருங்க சார்" என்று மட்டும் சொன்னாள்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தார். மறுபக்கம் இயக்குநர் உட்கார்ந்தார். சரசரவென்ற சத்தத்தோடு, விறைப்பாக இழுத்திருந்த உறை மேலாளரின் தோளை ஒரு பக்கமாக இழுத்தது. அவர் கூரையைப் பார்த்தபடி கிடந்தார். நெடுநேரம் கழித்து எழுந்து உட்கார்ந்தார்.

"பதினெட்டு வருஷமா விக்கறேன்" என்றார். "கத்தரிக்கோல் இருக்கா?"

உறை போனது, விரிப்பு மறுபடி ஏறியது. கேமரா ஓடியது. கணவன் வந்தான், உட்கார்ந்தான், சாய்ந்தான். இமை அசையவில்லை. பன்னிரண்டு விநாடியும் கடந்தது. இயக்குநர் நிறுத்தச் சொன்ன பிறகும் நடிகை கண்ணைத் திறக்கவில்லை.

"முடிஞ்சதும்மா, எழுந்திரு."

"அவர் இன்னும் உட்காரவே இல்லையே சார்?" என்றாள், கண்ணை மூடியபடியே.

பக்கத்தில் படுத்திருந்தவன் சிரித்துவிட்டான்.

மேலாளர் சிரிக்கவில்லை. திரையில் அதை இரண்டு முறை போடச் சொல்லிப் பார்த்தார். "ஸ்பிரிங் எண்ணிக்கையாவது, அடியில சின்ன எழுத்துல..." என்று ஆரம்பித்தார்.

இருந்த களைப்பில் எழுதியவளால் அவரைப் பார்த்துக்கொண்டு நிற்கத்தான் முடிந்தது.

அவர் பேனாவை எடுத்து, தாளிலிருந்த வரிகளை ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் அடித்துக்கொண்டே வந்தார். மெத்தையின் பெயரை மட்டும் விட்டுவிட்டார்.