பாக்கிக் கமிஷன் முப்பத்தாறாயிரம்

தையல் மெஷின் விற்கிற ஏஜென்ட் அந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்தார். ஒன்றில் கெஞ்சல் தூக்கல், இன்னொன்றில் கோபம். கம்பெனிக்காரனிடம் கெஞ்சினாலும் வேலைக்கு ஆகாது, கத்தினாலும் ஆகாது. ஐந்தாவது தடவை இப்படி வந்தது:

"ஐயா, ஒப்பந்தப்படி, வரி நீங்கலான பில் தொகையில் எனக்கு நான்கு சதவீதம் கமிஷன். வாடிக்கையாளர் முழுப்பணமும் கட்டிய முப்பது நாளுக்குள் தர வேண்டும். நான் முடித்துக்கொடுத்த ஆர்டர்கள் மூன்று. சட்டைக் கம்பெனி 4,50,000. கமிஷன் 18,000 வந்துவிட்டது. பை தைக்கும் பட்டறை 2,80,000, கமிஷன் 11,200. சீருடைக் கம்பெனி 6,20,000, கமிஷன் 24,800. கடைசி இரண்டும் சேர்த்து 36,000 பாக்கி. ஏன் வரவில்லை என்று தெரிவிக்கவும்."

முப்பத்தாறாயிரம்! பார்த்துவைத்த வீட்டுக்கு அட்வான்ஸ் முப்பத்தைந்து. வெள்ளிக்கிழமை தாண்டினால் வேறு ஆளுக்கு விட்டுவிடுவேன் என்று வீட்டுக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். மனைவியும் மகளும் ஐந்து மாதமாக வெளியூரில், மச்சினி வீட்டில். இவர் இங்கே மூன்று பேரோடு ஒரே அறையில். அந்தக் காலி வீட்டு அடுக்களையில் மனைவி அரிசி டப்பாவை எங்கே வைப்பாள் என்றுகூட மனுஷன் யோசித்துவைத்திருந்தார்.

மெஷின் கம்பெனியில் கணக்கு எழுதுகிற அக்கா கடிதத்தை நிதானமாகப் படித்தாள்.

"பட்டறைக் கமிஷன் என் தப்பு தம்பி, விட்டுப்போச்சு. இன்னைக்கே போட்டுடறேன். ஆனா சீருடைக் கம்பெனி இன்னும் பத்து சதவீதம் பிடிச்சு வச்சிருக்கே. அறுபத்திரண்டாயிரம்."

"எதுக்குக்கா?"

"மெஷின் எல்லாத்தையும் பொருத்தி ஓட்டிக் காட்டியாச்சுன்னு கையெழுத்துத் தாள் வரணும்ல? அதை வாங்குறது ஏஜென்ட் வேலை. நீங்க வாங்கலையே."

மெஷின்களைப் பொருத்தி முடித்த தேதியைப் பார்த்தார். அட பாவமே! அன்று காலைதான் மகள் போனில், "அப்பா, எப்ப வருவ?" என்று தேம்பினாள். கையெழுத்தை நாளைக்கு வாங்கிக்கலாம் என்று பஸ் ஏறினவர், திரும்பி வந்து சுத்தமாக மறந்தேபோனார். இப்போது யாரைத் திட்ட?

"இன்னைக்கே வாங்கினாலும் அவங்க பணம் போட மூணு வாரம் ஆகும்," என்றாள் அக்கா.

"முன்பணமா ஏதாவது..."

அக்கா முதலாளி அறைக்குள் போய்த் திரும்பி வந்தாள். "கேட்டுப் பார்த்தேன் தம்பி. முதலாளி கையை விரிச்சுட்டார்."

மாடிப்படியில் நின்று மனைவியைக் கூப்பிட்டார்.

"வீடு கைவிட்டுப் போச்சு. எல்லாம் என்னாலதான். அன்னைக்கு வேலையை அப்படியே போட்டுட்டு உங்களைப் பார்க்க ஓடி வந்தேன்ல... வராம இருந்திருந்தா இந்நேரம் நாம ஒண்ணா இருந்திருப்போம்."



"அந்த ஒரு தடவையும் வராம இருந்திருந்தா," என்றாள் மனைவி, "இந்த அஞ்சு மாசத்துல எங்களுக்குன்னு என்னங்க இருந்திருக்கும்?"