ஐந்துக்கு அடுத்தது எட்டு

18 ஜூலை 2024, வியாழன்

நேற்று இந்தக் குறிப்பேட்டில் 'காமிக்ஸ் கோப்பு சரியாக முடிந்தது' என்று எழுதியது தவறு. முடியவில்லை.

தன் பழைய காமிக்ஸ் புத்தகத்தை ஸ்கேன் செய்யக் கொடுத்த செம்பூர் வேங்கடசுப்ரமணியன் சார் காலையில் எங்கள் மாட்டுங்கா கடைக்கு போன் செய்தார். டேப்லெட்டில் படித்துப் பார்த்தாராம். துப்பறிவாளர் படகில் ஏறுகிறார், அடுத்த பக்கத்தில் சிறையில் இருக்கிறார். கடைசியிலும் அப்படி ஒரு தாவல். கடையிலிருந்து திரும்பிய தாள்களை எண்ணியிருக்கிறார். நடுவில் மடித்த தாள், ஒன்றுக்கு நான்கு பக்கம். பதினாறு இருக்க வேண்டும், பதினைந்துதான் இருக்கிறது. ஒரு தாளை உங்களில் யாரோ உருவிவிட்டீர்கள் என்றார்.

கடை முதலாளி ஆறுமுகநயினார் அண்ணாச்சி போனை வைத்ததும் என்னோடு வேலை பார்க்கும் சைஃபைப் பார்த்தார். புத்தகத்தின் நடுவில் இருந்த பின்னைக் கழற்றித் தாள்களை ஒவ்வொன்றாக ஸ்கேனரில் வைத்தது அவன். படங்களை நடுவில் வெட்டி, வரிசைப்படுத்தி, எண் போட்டு, ஒரே சிபிஇசட் கோப்பாகக் கட்டியது நான். அவனுக்குத் தமிழ் படிக்க வராது என்பதால்தான் இந்தப் பங்கீடு.

"எனக்குப் படிக்கவே தெரியாது அண்ணாச்சி. நான் எதுக்கு அதை எடுக்கப் போறேன்?"

"படிக்கத் தெரியாட்டி என்னல? விக்கத் தெரியும்லா."

போன வாரம், பழைய காமிக்ஸ் தாளுக்கு ஆன்லைனில் நல்ல கிராக்கி என்று சிரித்துக்கொண்டே சொன்னவன் சைஃப்தான். அண்ணாச்சி அதை மறக்கவில்லை. சனிக்கிழமைக்குள் தாள் வராவிட்டால் திங்கள் முதல் கடைக்கு வர வேண்டாம் என்றார். சைஃப் ஸ்கேனர் கண்ணாடியைத் துடைத்தான். நானும் மதியம் முழுக்க அவன் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பிடப் போகும்போது பையைத் தூக்கிக்கொண்டு போனான். தினமும் அப்படித்தான் போகிறானா என்பது எனக்கு நினைவில்லை. சார் கொடுத்ததே பதினைந்து தாளோ என்றும் தோன்றியது. வாங்கும்போது யாரும் எண்ணவில்லை.

மாலையில் நான் படிக்கும் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் பென் டிரைவில் படங்களைக் கொண்டுபோனேன். சிபிஇசட் என்பது பக்கப் படங்களை ஒன்றாகக் கட்டிய ஜிப் கோப்புதான். படிக்கிற செயலி படங்களின் பெயரைப் பார்த்துத்தான் வரிசை வைக்கும். அதனால் 001, 002 என்று மூன்று இலக்கத்தில் பெயர் வைப்பேன், இல்லாவிட்டால் சில செயலிகளில் 2க்கு முன்னால் 10 வந்துவிடும். அதில் தவறவில்லை. ஆனால் பக்கத்தின் அடியில் அச்சாகியிருந்த எண்ணைப் பார்க்காமல், வந்த வரிசையில் 060 வரை ஓட்டிவிட்டேன். கடைசிப் படத்தின் அடியில் 64 என்று இருக்கிறது. இடைவெளி இருந்ததை என் எண்களே மூடிவிட்டன.

அச்சு எண்ணைப் படித்துப் புதிய ஃபோல்டரில் ஒவ்வொன்றாகப் பெயர் மாற்றினேன். 005க்கு அடுத்து 008. பிறகு 057க்கு அடுத்து 060. இல்லாதவை 6, 7, 58, 59.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தின் முதுகில் இருப்பது ஆறு. ஏழின் முதுகில் இருப்பது எட்டு. ஆறையும் ஏழையும் திருடுகிறவன் ஐந்தையும் எட்டையும் விட்டுவைக்க முடியாது. அவை இரண்டும் என்னிடம் இருக்கின்றன.

வகுப்பு மாடிப்படியில் நின்று சாருக்கு போன் செய்தேன். என் கணக்கில் நம்பிக்கை இல்லாததால் எதையும் விளக்கவில்லை. ஐந்தாம் பக்கம் இருக்கிற தாளை எடுக்கச் சொன்னேன்.

"எடுத்துட்டேன். சொல்லும்மா."

"அதைத் திருப்பிப் பாருங்க சார். பின்னாடி என்ன நம்பர் இருக்கு?"

"எட்டு. அதெப்படி எட்டு வரும்? ஆறுன்னா வரணும்."

தாளை விரலால் தடவிப் பார்க்கச் சொன்னேன். மற்றதைவிடத் தடிமனாக இருக்கிறது என்றார். இரண்டு தாள்கள். மழைக்காலத்து ஈரத்தில் ஒட்டிக்கொண்டு, சைஃப் திருப்பியபோது ஒன்றாகத் திரும்பியிருக்கின்றன. உள்ளே மாட்டிக்கொண்ட நான்கு பக்கங்களும் வெளிச்சம் பார்க்கவேயில்லை. நகத்தால் பிரிக்க வேண்டாம், கிழிந்துவிடும் என்று இரண்டு முறை சொன்னேன்.

அண்ணாச்சிக்குச் சொன்னபோது, "அப்படியா, சரி" என்றார். சைஃபைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானே அவனுக்கு போன் செய்தேன்.

"மத்தியானம் நீயும் என் பையைத்தானே பாத்துட்டு இருந்த, மாரி?"

ஆமாம் என்றேன். அவன் சிரிக்கவில்லை. நாளை செம்பூருக்குத் தானும் வருவதாகச் சொன்னான், சார் முன்னால்தான் தாளைப் பிரிக்க வேண்டுமாம்.

நாளை: சைஃபுடன் செம்பூர் போய், சார் எதிரிலேயே ஒட்டிய தாள்களை ஓரத்திலிருந்து பிரிக்க வேண்டும். பதினாறு என்று மூவரும் எண்ணிய பிறகே வாங்கிவர வேண்டும். உள்பக்கங்களை ஸ்கேன் செய்து, 006, 007, 058, 059 என்று பெயரிட்டு, புதிய ஃபோல்டரில் சேர்க்க வேண்டும். பழையதில் சேர்க்கக் கூடாது, அங்கே 006 என்ற பெயரில் எட்டாம் பக்கம் இருக்கிறது. பிறகு சிபிஇசட்டைத் திரும்பக் கட்டி, அண்ணாச்சியை உட்காரவைத்து முதல் பக்கத்திலிருந்து புரட்டிக் காட்ட வேண்டும்.