தோத்தாத்ரி சாருக்கு இரண்டாம் கடிதம்

'சென்ற ஆண்டு ஆகஸ்டில் எங்கள் கையுறைகளை நீங்கள் மறுத்தீர்கள்' என்ற முதல் வரியை மூன்று முறை அடித்துவிட்டு நான்காம் முறை அப்படியே விட்டேன். புதிதாக அறிமுகமாகிறவனைப்போல எழுதலாம்தான். ஆனால் சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்துத் தொழிற்சாலையில் கொள்முதல் பார்க்கும் தோத்தாத்ரி சார் எந்தத் தாளையும் தூக்கி எறிகிறவர் அல்ல. அவர் மறுத்து எழுதிய கடிதத்தின் எண்ணையும் தேதியையும், 'பதினைந்தே நாளில் பெருவிரல் தையல் பிரிந்துவிட்டது' என்ற அவருடைய சொற்களையும் மாற்றாமல் எழுதினேன். அன்று கோபத்தில் நான் எழுதிய பதிலுக்கு வருத்தம் தெரிவித்தேன். பிறகு அந்த வரி: 'பிழை தைத்தவருடையதல்ல. நூறு ஜோடிக்கும் நைலான் நூல் வாங்கியது நான். வெல்டிங் பொறி பட்டு அது உருகிவிட்டது.' இப்போது தடித்த பருத்தி நூல். ஆர்டர் இப்போதே வேண்டாம், ஒரே ஒரு ஜோடியை ஒரு வெல்டரிடம் ஒரு மாதம் கொடுத்துப் பாருங்கள். பதிலுக்கு என் முகவரி எழுதிய தபால் அட்டை வைத்திருக்கிறேன். இம்முறையும் இல்லை என்றால் மறுபடி எழுதமாட்டேன்.

பம்மலில் என் பட்டறையின் ஆறு மெஷினில் ஒன்றுதான் அன்று ஓடிக்கொண்டிருந்தது. அதில் அந்த ஒரு ஜோடியைத் தைத்துக்கொண்டு கன்னியம்மா. தையல் சரியில்லை என்று எல்லோர் முன்னாலும் சொல்லி, போன வருடம் நான் வேலையிலிருந்து நிறுத்தியவள். பெருவிரலை அவளைப்போல் திருப்பித் தைக்க வேறு ஆள் இல்லை. இந்த ஆர்டர் வராவிட்டால் பொங்கலுக்குள் பட்டறையை மூடவேண்டும். போய்க் கூப்பிட்டேன். ஏன் என்று கேட்காமல் வந்திருந்தாள்.

"லெட்டர்ல இன்னாண்ணா எழுதிகீற? படி, கேப்போம்."

அவளுக்கு எழுத்து தெரியாது. படித்தேன். அந்த வரி வந்ததும் என் நாக்கு அதைத் தாண்டிப் பருத்தி நூலுக்குப் போய்விட்டது.

மெஷின் நின்றது. அவள் தாளைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள்.

"நடுவுல ஒரு தையல் வுட்டுட்டியேண்ணா."

"இல்லியே."

"இத்தினி வருசமா தைக்கறேன். வுட்ட எடம் தெரியாதா? அத்த மட்டும் படி."

படித்தேன். வெளியே பல்லாவரம் பஸ் நின்று, ஆள் ஏற்றி, போயிற்று.

"யாரோ சாருக்கு எழுத வருது," என்றாள். "பக்கத்துத் தெருவுல கீறேன். எனுக்குச் சொல்ல ஒரு வருசத்துல வாய் வரல. இன்னா?"

"கன்னியம்மா..."

"தையல் தெரியாதவன்னு அனகாபுத்தூர்ல கூட வேல குடுக்கல, தெரியுமா?"

எனக்குத் தெரியும். அவள் முந்தானையில் ஒட்டியிருந்த தோல் துணுக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். பிறகு எழுந்து செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வெளியே போனாள். நாளைக்கு வருவாளா என்று நான் கேட்கவில்லை.

வலது கையுறை முடிந்திருந்தது. இடது கையுறை ஊசிக்கடியில் மாட்டியபடி, பெருவிரல் இருக்கவேண்டிய இடத்தில் திறந்து கிடந்தது.