ஐந்தாம் மாடி ஃப்ரிட்ஜுக்கு ஒரு மூக்கு

"இந்த மாடியில எது அழுகினாலும் சரி, கதவுக்குப் பின்னால ஒளிச்சு வெச்சாலும் சரி, என் மிஷின் நேரா போய் அதோட வாசல்லயே நிக்கும்" என்று அந்தப் பெண் காபி மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னாள். கேட்ட ஒன்பது பேரில் ஒருவர்கூட நம்பவில்லை. எட்டுப் பேர் மரியாதைக்குத் தலையாட்டினார்கள். ஒன்பதாவது ஆள் டெஸ்டர், மென்பொருளில் தப்புக் கண்டுபிடிப்பதே அவர் வேலை. வாய்விட்டுச் சிரித்தார்.

"நேரா போய் நிக்குமா? அதுக்குக் காலு இருக்கா?"

"நான்தான் கையில எடுத்துட்டுப் போகணும் அண்ணே."

"அப்ப போறது நீதான். மிஷின் எங்க போகுது?"

மூன்று மாதப் பயிற்சிக்கு வந்தவள் அவள். ஒவ்வொரு பயிற்சிக்காரரும் சின்னதாக ஏதாவது ஒரு மென்பொருள் செய்து, கடைசி நாளில் ஓட்டிக் காட்ட வேண்டும். பிடித்திருந்தால் வேலை, இல்லையென்றால் கைகுலுக்கல். கைகுலுக்கல் அவளுக்கு வேண்டாம். ஏற்கெனவே இரண்டு கம்பெனியில் குலுக்கிவிட்டு வந்திருந்தாள்.

அவள் எடுத்துக்கொண்டது ஐந்தாம் மாடி ஃப்ரிட்ஜை. இடுப்பு உயரம்தான் இருக்கும், ஆனால் அதற்குள் நடந்த கொடுமைகளை எழுத ஒரு நூலகம் பத்தாது. வேலையை விட்டுப் போய் ஒரு வருஷமான ஆளின் தயிர் அங்கே இருந்தது. அது தயிராக இருந்த காலம் யாருக்கும் நினைவில்லை. இப்போது அதற்கு முடி முளைத்திருந்தது, வாராததுதான் குறை. கீழ்த்தட்டில் ஒரு பழுப்பு நீர் தேங்கிக் கிடந்தது. அது எதிலிருந்து வடிந்தது என்று ஆராயப் போன ஒருவர் மறுநாளிலிருந்து வீட்டிலிருந்தே வேலை செய்கிறார். கதவைத் திறப்பவர்கள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, முங்கு நீச்சல்காரர் மாதிரிதான் உள்ளே கைவிடுவார்கள்.

அதற்குள்தான் அவளுடைய கருவி இருந்தது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பலகை. அதில் வாயுவை உணரும் ஒரு சென்சார். கெட்டுப்போன சாப்பாட்டிலிருந்து வருகிற வாயு பட்டால் எண் ஏறும். அந்த எண் வைஃபையில் பறந்து அவள் எழுதின பக்கத்துக்கு வரும். பக்கத்தில் பச்சை வந்தால் நல்லது, மஞ்சள் வந்தால் பார்த்துக்கொள், சிவப்பு வந்தால் எடுத்து எறி. சிவப்பானால் ஆஃபீஸ் குரூப்புக்குச் செய்தியும் போகும்.

சென்சாரை இரண்டு நாள் சூடேற விட்டு, பிறகு 'வாசனையே இல்லாவிட்டால் எண் இவ்வளவு' என்று அதற்கு ஒருமுறை கற்றுக்கொடுக்க வேண்டும். அதிலிருந்து எவ்வளவு ஏறுகிறது என்பதுதான் கணக்கு. கருவி எங்கே இருக்கப்போகிறதோ அங்கேயே கற்றுக்கொடுப்பதுதானே சரி என்று, ஃப்ரிட்ஜுக்குள்ளேயே வைத்துப் பட்டனை அழுத்தினாள். 410 என்று பதிவாயிற்று. ஒத்திகைக்கு ஒரு அழுகின முட்டைக்கோஸை வைத்தாள். எண் எகிறிச் சிவப்பானது. அன்றைக்கு அவள் ஆடின ஆட்டத்தில் கீழ் மாடிக்காரர்கள் பூகம்பம் என்று நினைத்துப் படியிறங்கிவிட்டார்கள்.

"லைவா ஓட்டாத. வீடியோ எடுத்துப் போட்டுடு" என்றார் டீம் லீட். அழகாகச் சட்டை போடுகிற, எதற்கும் குமட்டல் வருகிற மனிதர். "வீடியோ என்னிக்கும் சொதப்பாது."

"வீடியோவ யார் சார் நம்புவாங்க? டெஸ்டர் அண்ணன் நம்புவாரா?"

அது நியாயமான கேள்வி. மதிப்பெண் தாளில் மூன்று கையெழுத்து வேண்டும், அதில் ஒன்று டெஸ்டருடையது. கண்ணால் பார்க்காத எதையும் அவர் நம்ப மாட்டார். அதற்குக் காரணமும் உண்டு. இரண்டு வருஷம் முன்னால் வந்த ஒரு காய்ச்சலில் அவருக்கு மோப்பம் அடியோடு போய்விட்டது. அந்த ஃப்ரிட்ஜ் முன்னால் நாற்காலி போட்டுச் சாப்பிடக்கூடிய ஒரே ஜீவன் அவர்தான்.

டெமோவுக்காக வீட்டு பால்கனியில் நாலு நாளாக ஒரு மீன் துண்டை டப்பாவில் போட்டு ஊற வைத்திருந்தாள். "வேலை கிடைக்குதோ இல்லையோ, இந்தக் கருமத்த மொதல்ல வெளிய கொண்டு போ. துவைச்ச துணியெல்லாம் பொணம் மாதிரி நாறுது" என்று அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டே லிஃப்ட் வரை வந்து வழியனுப்பினாள். பஸ்ஸில் அவளைச் சுற்றி நாலு ஸீட்டு காலியாக இருந்தது. வாழ்க்கையில் முதல் முறையாகக் காலை நீட்டி உட்கார்ந்து வேலைக்குப் போனாள்.

போய்ப் பார்த்தால், ஃப்ரிட்ஜை மீட்டிங் ரூமுக்கே தள்ளிக்கொண்டு வந்திருந்தார்கள். உள்ளே எதுவுமே இல்லை. கண்ணாடி மாதிரி துடைத்திருந்தது. கருவி மட்டும் தனியே மினுக்கிக்கொண்டிருந்தது.

"மேடம் வர்றாங்கள்ல, நானே காலையில சுத்தம் பண்ணிட்டேன்" என்றார் லீட். முகம் இன்னும் வெளுத்துத்தான் இருந்தது. ரூம் முழுக்க ரோஜா ஸ்ப்ரே. ரோஜாவுக்கு அடியில் வேறு ஏதோ ஒன்று மெல்ல மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. தன் கையில் இருக்கும் மீன்தான் என்று அவள் நினைத்தாள்.

துறைத் தலைவி மேடம், லீட், டெஸ்டர், இன்னும் ஒன்பது பேர். திரையில் பக்கத்தைத் திறந்தாள். பச்சை. பூஜ்யம்.

"இப்ப ஃப்ரிட்ஜ் சுத்தமா இருக்கு. கெட்டுப்போன ஒரு டப்பாவ உள்ள வெக்கிறேன்" என்று மூடியைத் திறந்தாள்.

அந்த நாற்றத்தை எப்படிச் சொல்வது? சுவரில் இருந்த கடிகாரம் ஒரு நொடி நின்று யோசித்தது. முன் வரிசையில் ஒருவர் நாற்காலியோடு பின்னால் போனார். மேடம் கைக்குட்டையை எடுத்தார். மீனின் மேல் ஒரு வெள்ளைச் சவ்வு படர்ந்து, டப்பாவைச் சாய்க்கும்போது அது மட்டும் கொஞ்சம் தாமதமாகச் சாய்ந்தது.

உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினாள். எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். பச்சை. பூஜ்யம். ஒரு நிமிஷம் போயிற்று. இரண்டு நிமிஷம். பச்சை. பூஜ்யம்.

"நல்லது, புதுசுங்குது" என்றார் டெஸ்டர் அமைதியாக. "எனக்கும் ஒண்ணும் தெரியல. மிஷினுக்கும் ஒண்ணும் தெரியல. ரெண்டு பேரும் ஒரே ஜாதி."

யாரோ சிரித்தார்கள், சிரித்த வாயில் நாற்றம் புகுந்து இருமினார்கள். லீட் அவள் காதருகே வந்து, "அன்னிக்கே சொன்னேன், வீடியோன்னு" என்றார். மேடம் தாளில் எதையோ எழுதத் தொடங்கினார். அந்தப் பேனா ஓடுகிற சத்தம் அவளுக்குக் கைகுலுக்கல் மாதிரியே கேட்டது.

"ஒரு நிமிஷம் மேடம்." அவள் பக்கத்தை மூடிவிட்டு, கருவி அனுப்புகிற மூல எண்களை, கழிக்காமல் கூட்டாமல் அப்படியே திரையில் திறந்தாள். 150, 190, 260, 330. ஏறிக்கொண்டுதான் இருந்தது!

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. உறைத்ததும் அவளுக்கே அவள் மேல் அருவருப்பு வந்தது. 410. முடி முளைத்த தயிருக்கும் பழுப்பு நீருக்கும் நடுவில் வைத்து, 'இதுதான் சுத்தமான காற்று' என்று கற்றுக்கொடுத்திருக்கிறாள். அந்த நாற்றத்துக்குக் கீழே இருக்கிற எல்லாமே கருவிக்குப் பூந்தோட்டம். 330 கழித்தல் 410 என்றால் பூஜ்யத்துக்கும் கீழே. கீழே போனால் பூஜ்யம் என்றே காட்டு என்று அழகுக்காக எழுதினவளும் அவளேதான்.

"தப்பு என்னோடது" என்றாள். "நாத்தத்தையே சுத்தம்னு சொல்லிக் குடுத்துட்டேன். நல்ல காத்துல வெச்சு மறுபடி சொல்லிக் குடுக்கிறேன். அஞ்சு நிமிஷம் குடுங்க. மீனையும் வெளிய போட்டுடறேன்."

"மீனுக்காகவே குடுக்கிறேன்" என்றார் மேடம்.

மீன் தெருமுனைத் தொட்டிக்குப் போயிற்று. பவர் பேங்கோடு கருவியை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், எண் இறங்கி ஓர் இடத்தில் நிற்கும்வரை காத்திருந்து, பட்டனை அழுத்தினாள். 120. திரும்பி வந்தபோது ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. பக்கத்தை ரூம் திரையில் மறுபடி திறந்துவிட்டுப் போயிருந்தாள்; அவள் வராந்தாவில் வரும்போது அது பூஜ்யம், ரெண்டு, மூணு என்றது. மீட்டிங் ரூமுக்குள் கால் வைத்தாள். எழுபது. மஞ்சள்.

"மீன் போயிடுச்சே. இப்ப எதுக்கு ஏறுது?" என்றார் டெஸ்டர். "அடிச்ச ஸ்ப்ரேக்கு ஏறுது. அதுல இருக்கிற ஸ்பிரிட் பட்டாலே இந்த சென்சாருக்குக் கிறுக்குப் பிடிக்கும். இதுக்கெல்லாம் நான் கையெழுத்துப் போட முடியாது."

அவர் சொன்னதில் பாதி உண்மை, ஸ்ப்ரேக்கும் ஏறும்தான். ஆனால் ஸ்ப்ரே அடித்தது ரூம் முழுக்க. அப்படியென்றால் எங்கே நின்றாலும் ஏறக்குறைய ஒரே எண்தானே வர வேண்டும்? அவள் கருவியை முன்னால் நீட்டி நடந்தாள். ஜன்னல் பக்கம் நாற்பது. ஃப்ரிட்ஜ் பக்கம் தொண்ணூறு. திரைக்கு அடியில் இருந்த மர அலமாரியின் பக்கம் நூற்று எண்பது. கதவின் இடுக்கில் வைத்தாள். முந்நூற்று நாற்பது. சிவப்பு. மேஜை மேல் இருந்த பன்னிரண்டு போன்களும் ஒரே நேரத்தில் கத்தின.

"அதத் திறக்காத" என்றார் லீட்.

திறந்துவிட்டாள்.

கறுப்புக் குப்பைப் பை ஒன்று முடிச்சு அவிழ்ந்து அவள் காலடியில் சரிந்தது. காலையில் குமட்டல் தாங்காமல், அப்புறம் எறிந்துகொள்ளலாம் என்று லீட் ஃப்ரிட்ஜை மொத்தமாக அதில் கொட்டி உள்ளே திணித்திருந்தார். மூடின அலமாரியின் வெக்கையில் அவை ஒன்றோடொன்று சம்பந்தம் பேசி, ஒரே குடும்பமாகியிருந்தன. தயிர் முதலில் வந்தது. பழுப்பு நீர் அதைத் தொடர்ந்து கார்ப்பெட்டில் நிதானமாக ஊர்ந்தது. மீன் எவ்வளவு நல்ல மீன் என்று அப்போதுதான் எல்லோருக்கும் புரிந்தது.

பதினோரு விநாடியில் ரூம் காலி. லீட் கதவு வரை போய்ச் சேரவில்லை. பூத்தொட்டி வரைதான் போனார்.

பூத்தொட்டியைக் கட்டிக்கொண்டிருந்த லீடை விட்டால், மிச்சமிருந்தது அவளும் டெஸ்டரும். அவள் கண்ணில் நீர் கொட்ட, தோளில் மூக்கைப் புதைத்துக்கொண்டு கருவியை மட்டும் பிடித்திருந்தாள். அவர் கொட்டாவி விடுகிற முகத்தோடு எழுந்து வந்து குனிந்து பார்த்தார். பையின் வாயில் ஒரு நீல டப்பா. மேலே ஒட்டின தாளில் அவருடைய மேஜை எண்ணும் 'தொடாதே' என்ற ஒரு சொல்லும். உள்ளே அவித்த முட்டைகள் சாம்பலும் பச்சையுமாகக் கூழாகி, நடுவில் ஏதோ நெளிந்தது.

"இது... போன வாரந்தான் இதுலேர்ந்து ஒண்ணு எடுத்துச் சாப்பிட்டேன்" என்றார்.

அவள் உதட்டை இறுக்கி மூடித் தலையை மட்டும் ஆட்டினாள். வாயைத் திறந்தால் வேறு ஏதாவது வந்துவிடும்.

அவர் முகம் மெதுவாகச் சுண்ணாம்பு நிறத்துக்கு வந்தது. மூக்கால் தெரியாததைக் கண் சொல்லிவிட்டது. திரையைப் பார்த்தார். சிவப்பு. டப்பாவைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

வராந்தாவிலிருந்து மேடத்தின் குரல் கைக்குட்டைக்குள்ளிருந்து வந்தது. "உள்ள என்னப்பா நடக்குது? மிஷின் கண்டுபிடிச்சுதா, இல்ல அவ சும்மா திறந்தாளா? உங்க கையெழுத்து இல்லாம நான் வேலை குடுக்க முடியாது."

டெஸ்டர் மேஜைக்குப் போய்த் தாளை எடுத்தார். ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கையெழுத்துப் போட்டார்.

"மிஷின்தான் மேடம். நேரா போய் நின்னுது. நான் என் கண்ணால பார்த்தேன்."